ஏட்டில் மட்டும் இருக்கும் பணம் மாதப் பென்ஷனாக மாறும் கணக்கு

கேள்வி: காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மகன் ஸ்டாக்ஹோமில் ஒன்பது வருடமாக வேலையில் இருக்கிறான். அவனுக்கு வந்த பென்ஷன் கடிதத்தில் ஏழு லட்சம் குரோனா இருப்பு என்று போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் எங்கேயும் இல்லை, வெறும் கணக்குதான் என்கிறான். இல்லாத பணத்திலிருந்து பென்ஷன் எப்படி வரும்? நம் பி.எஃப். மாதிரி மொத்தமாக எடுக்கலாமா? நாமினிக்கு வருமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அண்ணே. மொத்தமாக எடுக்க முடியாது. நாமினிக்கும் வராது. ஆனால் பென்ஷன் கட்டாயம் வரும், அவன் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் வரும். இந்த மூன்றும் ஒரே காரணத்தால் அப்படி இருக்கின்றன. அந்தக் காரணம் புரிந்துவிட்டால் கடிதத்தில் உள்ள எல்லா வரியும் தானாகப் புரியும். நான் தேவகோட்டைக்காரன். ஆயுள் அட்டவணைகளையும் பென்ஷன் கணக்கையும் வைத்தே முப்பது வருடம் வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இந்த முறைக்கு நோஷனல் டிஃபைன்ட் கான்ட்ரிபியூஷன் என்று பெயர். நம் பேச்சில் ஏட்டுக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் இதை 1990களில் சட்டமாக்கி 1999இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இத்தாலி, லாத்வியா, போலந்து, நார்வே ஆகியவையும் தங்கள் தங்கள் வழியில் இதே முறைக்கு வந்தன. இந்தியாவில் இது இல்லை. நம் பி.எஃப்.பில் பணம் நிஜமாகவே முதலீட்டில் இருக்கிறது. இ.பி.எஸ். பென்ஷனோ, சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கும் சூத்திரம். அதில் தனி இருப்பு என்று ஒன்றே கிடையாது. ஏட்டுக் கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பி.எஃப். போல ஒவ்வொருவர் பேரிலும் இருப்பு எழுதப்படும். ஆனால் உங்கள் மகன் இந்த மாதம் கட்டிய சந்தா, இந்த மாதமே ஸ்வீடனின் இன்றைய முதியவர்களுக்குப் பென்ஷனாகப் போய்விடும்.

என் அப்பத்தாவின் சீர்ப்பணம் ஒரு கடைப் பேரேட்டில்தான் இருந்தது. வருடா வருடம் வட்டியைச் சேர்த்து வரவு எழுதுவார்கள். அந்த நோட்டுக்கட்டை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டால் பேரேட்டைப் புரட்டி வரியைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பலருக்கு இது பழக்கமான காட்சி. பேரேட்டில் பேர் இருப்பது ஓர் உரிமை, பெட்டியில் பணம் இருப்பது வேறு. ஸ்வீடன் கணக்கும் அப்படி ஓர் உரிமைதான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்பத்தாவின் பணத்தைக் கடை வெளியே கடன் கொடுத்து வட்டி சம்பாதித்தது. இங்கே கடன் கொடுக்க எதுவும் இல்லை. அப்படியானால் வட்டி எங்கிருந்து வருகிறது?

சம்பளத்திலிருந்து. நாட்டில் சராசரி வருமானம் இந்த வருடம் 3 சதவீதம் ஏறினால் சந்தா வரவும் ஏறக்குறைய அந்த அளவு ஏறும். அதே 3 சதவீதத்தை எல்லாருடைய இருப்பிலும் வரவு எழுதுகிறார்கள். ரங்கூனில் நகரத்தார் கோயிலில் கூடி நடப்பு வட்டி முடிவு செய்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இங்கே நடப்பு வட்டியை முடிவு செய்வது சராசரி வருமானத்தின் ஏற்றம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். ஆரஞ்சு நிற உறையில் வருவதால் அதற்கு ஆரஞ்சு உறை என்றே பேர். அதில் வருமானப் பென்ஷன் என்ற பகுதியில் ஐந்து வரிகள் இருக்கும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். தொடக்க இருப்பு 6,20,000. அந்த வருடத்துப் பென்ஷன் உரிமை 71,424. இறந்தவர்கள் கணக்கிலிருந்து வந்த பங்கு 300. நிர்வாகச் செலவு கழிவு 180. இருப்பின் மதிப்பு ஏற்றம் 3 சதவீதம், அதாவது 18,600. முடிவில் 7,10,144.

இதில் பலர் தடுமாறுவது இரண்டாம் வரியில். சந்தா 18.5 சதவீதம், அதில் 16 சதவீதம் ஏட்டுக் கணக்குக்கு, மீதி 2.5 சதவீதம் நிஜமாக முதலீடு செய்யும் இன்னொரு கணக்குக்கு என்று எங்கும் எழுதியிருக்கும். மகனின் வருடச் சம்பளம் 4,80,000 என்றால் 16 சதவீதம் 76,800 வர வேண்டுமே, 71,424தானே இருக்கிறது என்று தோன்றும். தப்பு இல்லை. சம்பளத்தில் 7 சதவீதம் பென்ஷன் கட்டணத்தை முதலில் கழித்துவிட்டு, மிச்சமுள்ள 4,46,400க்குத்தான் 16 சதவீதம். அப்புறம், ஒரு வருடத்து உரிமை அந்த வருடத்து வரிக் கணக்கு முடிந்த பிறகுதான் ஏறும். ஆகவே கடைசி வருடம் காணோமே என்று பதற வேண்டாம். சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. அதற்கு மேலே வாங்கும் தொகைக்கு இருப்பு ஏறாது.

மூன்றாம் வரிதான் உங்கள் நாமினி கேள்விக்குப் பதில். ஓய்வுக்கு முன்னால் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய இருப்பு குடும்பத்துக்குப் போவதில்லை. அவர் பிறந்த அதே வருடத்தில் பிறந்து உயிரோடு இருக்கும் எல்லாருக்கும் பிரித்து எழுதப்படுகிறது. இளவயதில் இந்தப் பங்கு சில நூறுதான், அறுபதைத் தொடும்போது கனமாகும். கேட்கும்போது மனசுக்கு ஒப்பாது. எனக்கும் முதலில் ஒப்பவில்லை. ஆனால் பென்ஷன் கணக்கே இந்தப் பங்கீட்டில்தான் நிற்கிறது. சீக்கிரம் போனவரின் பணம்தான் நெடுநாள் இருப்பவருக்குக் கடைசிவரை சோறு போடுகிறது.

இனி, நீங்கள் கேட்ட மைய விஷயம். இருப்பு எப்படிப் பென்ஷனாகிறது? இருப்பை ஓர் எண்ணால் வகுக்கிறார்கள். அந்த எண்ணின் அடிப்படை, அந்த வயதில் இருப்பவர் சராசரியாக இன்னும் எத்தனை வருடம் வாழ்வார் என்பது.

இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 65 வயதில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நானே எடுத்த எண்கள் இவை. 70 வயதில் 95 பேர் இருக்கிறார்கள், 75இல் 88, 80இல் 76, 85இல் 55, 90இல் 27, 95இல் 8, 100இல் ஒருவர், 105இல் யாரும் இல்லை. முதல் ஐந்து வருடத்தில் சராசரியாக 97.5 பேர் இருந்தார்கள். அடுத்த ஐந்தில் 91.5, பிறகு 82, 65.5, 41, 17.5, 4.5, கடைசியில் 0.5. எட்டையும் கூட்டினால் சரியாக 400. ஒவ்வொன்றும் ஐந்து வருடம் என்பதால் மொத்தம் 2,000 வருடங்கள். 100 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20. இந்த நூறு பேருக்கும் சேர்த்து 2,000 வருடப் பென்ஷன் கொடுக்க வேண்டும். யார் எப்போது போவார் என்பது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் மகன் 65 வயதில் 30,00,000 குரோனா இருப்போடு நிற்கிறான் என்று வைப்போம். 20ஆல் வகுத்தால் வருடத்துக்கு 1,50,000, மாதம் 12,500. பிறகு சராசரி வருமானம் ஏறுகிற அளவுக்கு வருடா வருடம் இந்தப் பென்ஷனும் ஏறும். எளிமையான வடிவம் இதுதான். போலந்து கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறது. அங்கே புள்ளியியல் அலுவலகம் ஒவ்வொரு வருடமும் வயது வாரியாக மீதி ஆயுளை மாதக் கணக்கில் வெளியிடும். இருப்பை அந்த மாதங்களால் வகுத்தால் அதுவே மாதப் பென்ஷன்.

ஸ்வீடன் ஒரு படி கூடுதலாகச் செய்கிறது. பென்ஷன் காலத்தில் இருப்பு மீது வரப்போகும் ஏற்றத்தில் வருடத்துக்கு 1.6 சதவீதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. அதாவது தள்ளிவரும் வருடங்களை வகுக்கும் எண்ணில் முழு வருடமாக எண்ணாமல், 1.6 சதவீத வட்டியைக் கழித்து எண்ணுகிறது. மேலே உள்ள அதே எட்டு எண்களுக்கு இந்தக் கழிவைப் போட்டால் 20 என்பது 16.74 ஆகக் குறையும். 30,00,000ஐ 16.74ஆல் வகுத்தால் வருடத்துக்கு 1,79,211, மாதம் ஏறக்குறைய 14,934. ஸ்வீடனில் 65 வயதுக்காரர்களுக்கு நிஜமாகப் பயன்படும் எண்ணும் இதே வட்டாரத்தில்தான் இருந்துவருகிறது.

12,500 எங்கே, 14,934 எங்கே! ஆனால் முன்னால் கொடுத்ததைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். சராசரி வருமானம் 3 சதவீதம் ஏறினால் பென்ஷன் சுமார் 1.4 சதவீதம்தான் ஏறும். சம்பளம் 1.6 சதவீதத்தை விடக் குறைவாக ஏறிய வருடத்தில் பென்ஷன் இறங்கவே செய்யும். சம்பளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு கோடுகளும் பதினோரு வருடம் கழித்து, 76 வயது வாக்கில் சந்திக்கின்றன. 85 வயதில், இன்றைய சம்பள மதிப்பில் சொன்னால், ஸ்வீடன் முறையில் மாதம் சுமார் 10,870தான். எளிய முறையிலோ அது 12,500ஆகவே நின்றிருக்கும். மொத்தக் கணக்கு ஒன்றுதான். முன்னால் கூடுதலா, பின்னால் கூடுதலா என்பதுதான் வேறுபாடு. என்னைக் கேட்டால், எண்பதுக்கு மேல் மருந்துச் செலவும் ஆள் வைக்கும் செலவும் கூடும் வயதில் பென்ஷன் பின்தங்குவது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. மகனுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

தாமதமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே நூறு பேரை வைத்தே பார்த்துவிடலாம். 67 வயதில் 98 பேர் இருப்பார்கள். மிச்சமுள்ள வருடங்களை அவர்களுக்குப் பிரித்தால், கழிவோடு சேர்த்து, வகுக்கும் எண் 15.58 ஆகிறது. அதே 30,00,000க்கு மாதம் 16,046. இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்த்ததற்கு 1,42,848 இருப்பில் சேரும் என்பதால் உண்மையில் மாதம் 16,810 வரை போகும். 14,934இலிருந்து பன்னிரண்டரை சதவீத ஏற்றம். அதில் பெரும்பங்கு வகுக்கும் எண் சுருங்கியதால் வந்தது, சந்தாவால் வந்தது சிறுபங்கு. இந்தப் பென்ஷனுக்குக் குறிப்பிட்ட ஒரு வயது என்று கணக்குக்குள் இல்லை. சீக்கிரம் எடுத்தால் குறைவு, தள்ளி எடுத்தால் கூடுதல். சட்டம் குறைந்தபட்ச வயதை மட்டும் வைக்கிறது. ஸ்வீடனில் 2026 முதல் அது 64.

அந்த ஆயுள் எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஸ்வீடனில் கடந்த ஐந்து வருட இறப்புப் பதிவுகளிலிருந்து எடுக்கிறார்கள். ஆண், பெண் இருவருக்கும் ஒரே எண். அந்தந்தப் பிறந்த வருடத்துக்காரர்கள் ஓய்வு வயதை நெருங்கும்போது எண் நிலைநிறுத்தப்படும். பிறகு அவர்கள் நெடுநாள் வாழ்ந்தாலும் பென்ஷனை அதற்காகக் குறைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் கடிதத்தில் வருவது எல்லாம் மதிப்பீடுதான். உங்கள் மகனின் தலைமுறை இன்றையவர்களை விட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தால் அவர்களுடைய வகுக்கும் எண் பெரிதாகும், மாதப் பென்ஷன் சிறிதாகும். ஆயுள் கூடும் சுமையை அரசு ஏற்காமல் அந்தத் தலைமுறையே ஏற்பதுதான் இந்த முறையின் நோக்கம். அதனால்தான் ஓய்வு வயதைக் கூட்டாமலேயே செலவைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது.

இதில் ஒரு சாய்வு உண்டு. கடந்த காலப் பதிவுகளிலிருந்து எடுத்த எண், ஆயுள் நீண்டுகொண்டே போகும் காலத்தில் உண்மையை விடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்தக் குறையை மொத்த அமைப்பு சுமக்கிறது. இன்னொரு சாய்வு, ஒரே எண்ணை எல்லாருக்கும் போடுவது. பெண்கள் சராசரியாகக் கூடுதலாக வாழ்கிறார்கள், அதனால் ஆண்களின் பணம் அவர்கள் பக்கம் போகிறது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டட வேலையும் தொழிற்சாலை வேலையும் பார்த்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களை விடச் சீக்கிரம் இறக்கிறார்கள். இங்கே பணம் இல்லாதவரிடமிருந்து இருப்பவர் பக்கம் போகிறது. இதற்கு நல்ல தீர்வு இதுவரை எந்த நாட்டிலும் நான் பார்க்கவில்லை.

ஆயுள் எண்ணைப் புதுப்பிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியைப் பாருங்கள். அங்கே வகுப்பதற்குப் பதில் சதவீதத்தால் பெருக்குகிறார்கள். 1995 சட்டத்தில் 65 வயதுக்கு 6.136 சதவீதம். பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று சட்டமே சொன்னது. ஆனால் 2005இல் திருத்தவில்லை. 2010இல்தான் 5.620 சதவீதம் என்று மாற்றினார்கள். 30 லட்சம் இருப்புக்கு இது 1,84,080க்கும் 1,68,600க்கும் உள்ள வேறுபாடு. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்க வேண்டியது ஒரே நாளில் எட்டு சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றும், பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றும் ஆக்கிவிட்டார்கள். எண் மேலேயும் போகும். கொரோனாவில் இறப்பு கூடியதால் 2023இல் இத்தாலியின் சதவீதம் உயர்ந்தது. போலந்தில் அட்டவணையின் மாதங்கள் சுருங்கின, ஒரே இருப்புக்கு மாதப் பென்ஷன் கூடிற்று. மற்றவர்கள் இறந்ததால் எனக்குக் கூடுதல் பென்ஷனா என்று மனசு கூசும். ஆனால் கணக்கு அப்படித்தான் நடக்கும்.

பணம் பெட்டியில் இல்லை என்றால் ஒருநாள் கொடுக்க முடியாமல் போகாதா என்ற பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். அதற்கு ஸ்வீடன் வருடா வருடம் ஓர் ஐந்தொகை போடுகிறது. ஒரு பக்கம் கடன்: எல்லாருடைய இருப்புகளும், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பென்ஷனும். இன்னொரு பக்கம் சொத்து: கையிருப்பு நிதிகளும், இனி வரப்போகும் சந்தாவின் மதிப்பும். ஒரு குரோனா சந்தாவாக உள்ளே வந்து பென்ஷனாக வெளியே போகச் சராசரியாக ஏறக்குறைய முப்பது வருடம் ஆகிறது. வருடச் சந்தாவை அந்த வருடங்களால் பெருக்கினால் சந்தாவின் மதிப்பு. சொத்தைக் கடனால் வகுத்து ஒன்றுக்குக் கீழே வந்தால், அந்த விகிதத்தால் எல்லாருடைய வருட ஏற்றத்தையும் குறைத்துவிடுவார்கள். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் தேவையில்லை.

இது ஒருமுறை நடந்தே விட்டது. 2008 நெருக்கடியில் நிதிகள் சரிந்து விகிதம் 0.9826 ஆனது. 2010க்கு வருமான ஏற்றம் 0.3 சதவீதம்தான். 1.003ஐ 0.9826ஆல் பெருக்கி, முன்கூட்டிக் கொடுத்த 1.6க்காக 1.016ஆல் வகுத்தால் 0.970 வரும். பென்ஷன் அந்த வருடம் 3.0 சதவீதம் குறைந்தது. அடுத்த வருடம் 4.3 சதவீதம். ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை, வேலையில் இருந்தவர்களின் இருப்பு ஏற்றமும் அதே விகிதத்தில் குறைந்தது. குறையப் போகிறது என்று தெரிந்ததுமே சத்தம் பெரிதாக எழுந்தது. அரசு, கையிருப்பு நிதிகளின் மதிப்பை மூன்று வருடச் சராசரியாக எடுக்கும்படி விதியை மாற்றி, முதியவர்களுக்கு வரிச் சலுகையும் கொடுத்து அடியை மென்மையாக்கியது. ஐந்தொகை மறுபடி தேறிய பிறகு, குறைத்த அளவு படிப்படியாகத் திரும்பி வந்தது. கொடுக்க முடியாமல் போகவில்லை. குறைவாகக் கொடுத்தார்கள், ஏன் என்று எண்ணோடு சொன்னார்கள். என் அப்பத்தாவின் பணம் இருந்த கடை நொடித்தபோது பேரேடு மட்டும்தான் மிஞ்சியது. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

மகன் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு வருடத்து உரிமையையும் அந்த வருடச் சம்பளத்தின் 93 சதவீதத்தில் 16 சதவீதம் என்று போட்டுப் பார்க்கட்டும். சம்பளம் உச்சவரம்பைத் தாண்டாமல் இருந்தும் எண் ஒத்துவராவிட்டால், கம்பெனி சம்பளத்தைச் சரியாகத் தெரிவித்ததா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். முப்பது வருடம் கழித்துக் கேட்டால் அந்தக் காகிதங்கள் யாரிடமும் இருக்காது. குடும்பத்துக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டுமென்றால், நிஜ முதலீட்டில் இருக்கும் அந்த 2.5 சதவீதக் கணக்கில் ஒரு வழி இருக்கிறது. அந்தப் பென்ஷனை எடுக்கத் தொடங்கும்போது, தனக்குப் பிறகு மனைவிக்கும் வரும்படி எழுதிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் அவனுக்கு மாதத் தொகை குறையும்.

ஒன்பது வருடத்தோடு அவன் ஊருக்குத் திரும்பிவிட்டாலும் அந்த இருப்பு போகாது. இத்தனை வருடம் கட்டியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச நிபந்தனை வருமானப் பென்ஷனுக்குக் கிடையாது. இருப்பு அங்கேயே சராசரி வருமானத்தோடு ஏறிக்கொண்டிருக்கும். வயது வந்ததும் விண்ணப்பித்தால் காரைக்குடியில் இருந்துகொண்டே வாங்கலாம். நீங்கள் நவம்பரில் கொடுக்கிற மாதிரி அவனும் உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் சான்று அனுப்ப வேண்டியிருக்கும்.